செத்த கோழியை எங்கே போடுவது? சிறு பண்ணைக்கு ஒரு மட்குப் பெட்டி

கோழி வளர்க்கிற உழவர்கள் கூடுகிற இடத்தில் தீவனம் பற்றிப் பேசுவோம், முட்டை விலை பற்றிப் பேசுவோம். செத்த கோழியை என்ன செய்கிறோம் என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கேட்டால், "அது கெடக்குதுங்க, வேலிக்கு அந்தப் பக்கம் வீசிருவோம்" என்பார்கள். ஓடைப் பள்ளம், பாழுங்கிணறு, சாலையோரக் குப்பை, மீன் குட்டை என்று ஆளுக்கு ஒரு இடம் இருக்கிறது. இருநூறு, முந்நூறு நாட்டுக்கோழி வைத்திருப்பவர்களிடம்தான் இது அதிகம். பெரிய பண்ணைக்காரர் குழியாவது வெட்டி வைத்திருக்கிறார். நமக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டுதானே சாகிறது, அதுக்கு என்ன குழி என்ற நினைப்பு.

வீசிய கோழி அங்கேயே கிடக்காது. நாய் இழுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போகும், காக்கை ஒரு துண்டைக் கொத்தி நம் தண்ணீர்த் தொட்டி மேலேயே உட்காரும். வெள்ளைக்கழிச்சல் கண்டு செத்த கோழியின் உடம்பில் அந்த நச்சுயிரி, குளிர்ச்சியான காலத்தில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கார்த்திகை, மார்கழியில் ஊரில் ஒரு வீட்டில் ஆரம்பித்த கழிச்சல் பத்து நாளில் தெரு முழுக்கப் போவதற்குப் பனியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. செத்த கோழியில் ஈ மொய்த்து புழு வைக்கும். அந்த அழுகிய உடம்புக்குள் காற்றில்லாத இடத்தில் ஒரு வகை நுண்ணுயிரி கொடிய நஞ்சை உண்டாக்குகிறது. புழுவுக்கு அந்த நஞ்சால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அந்தப் புழுவைப் பொறுக்கித் தின்கிற கோழிக்குக் கால் துவளும், இறக்கை தொங்கும், கடைசியில் கழுத்தைத் தூக்க முடியாமல் தரையில் போட்டபடி கிடந்து சாகும். மேய்ச்சல் கோழி வைத்திருப்பவர் இப்படிக் கழுத்துத் தொங்கலைப் பார்த்தால், மருந்து தேடுவதற்கு முன்னால் புதருக்குள் எங்காவது ஒரு செத்த கோழி கிடக்கிறதா என்று தேட வேண்டும். அதை எடுத்தால்தான் சாவு நிற்கும்.

புதைப்பது தவறா என்று கேட்பீர்கள். வறண்ட, நிலத்தடி நீர் ஆழமாக இருக்கிற இடத்தில் ஒன்றிரண்டு கோழியை நாலடி ஆழத்தில் புதைப்பதால் கெடுதல் பெரிதாக இல்லை. ஆனால் டெல்டாவிலும் ஏரிப் பாசன நிலத்திலும் மழைக்காலத்தில் மூன்றடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். அந்தத் தண்ணீர்தான் கிணற்றுக்கும் போகிறது. மேலும் ஆழக் குழிக்குள் காற்று இல்லை, சூடும் ஏறாது. மாதக்கணக்கில் அப்படியே ஊறிக் கிடக்கும். சுண்ணாம்பு கொட்டினால் கரைந்துவிடும் என்று நினைக்கிறோம். சுண்ணாம்பு நாற்றத்தையும் நாயையும் தடுக்கும், மட்குவதை உண்மையில் தாமதப்படுத்தும். எரிப்பதற்கோ நன்றாகக் காய்ந்த விறகு நிறைய வேண்டும். இறகு கருகி உள்ளே சதை பச்சையாகக் கிடக்கிற அரைகுறை எரிப்பைத்தான் நான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் மாற்றாக, கோழிக் கொட்டகையின் பழைய கூளத்தை வைத்தே செத்த கோழியை மட்கவைக்கும் முறை இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், டெலாவேர், மேரிலாண்ட் பக்கம் கறிக்கோழிப் பண்ணைகளில் 1980-களின் கடைசியில் இது பரவலானது. அங்கே பெரிய கொட்டகையில் எந்திரம் வைத்துச் செய்கிறார்கள். நமக்கு நாலடிப் பெட்டி போதும்.

சூடுதான் வேலை செய்கிறது

கோழி எச்சம் கலந்த கூளத்தில் தழைச்சத்து மிகுதி. தென்னைநார்க் கழிவு, வைக்கோல், கடலைத்தோல் இவற்றில் கரிமம் மிகுதி. இரண்டும் சேர்ந்து, அளவான ஈரமும் காற்றும் இருந்தால், நுண்ணுயிர்கள் பெருகும்போது தானாகவே சூடேறும். நடுப்பகுதி 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை போகும். வெள்ளைக்கழிச்சல் நச்சுயிரியும் பறவைக்காய்ச்சல் நச்சுயிரியும் 56 பாகையில் மூன்று மணி நேரம், 60 பாகையில் அரை மணி நேரம் தாங்காது என்பது கணக்கு. அது ஆய்வுக்கூடக் கணக்கு. குவியலில் எல்லா இடமும் ஒரே சூடாக இருக்காது என்பதால்தான் 55-க்கு மேல் குறைந்தது மூன்று நாள் தொடர்ந்து நிற்க வேண்டும், பிறகு புரட்டிப் போட்டு மறுபடியும் சூடேற்ற வேண்டும் என்கிறோம்.

எல்லாவற்றையும் இது கொன்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கம்போரோ நோயின் நச்சுயிரி 60 பாகையில் அரை மணி நேரம் வைத்தாலும் தாக்குப்பிடிக்கும் முரட்டு ரகம். அதனால் மட்கிய உரத்தைக் குஞ்சுக் கொட்டகைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. நிலத்துக்குப் போட வேண்டியதுதான், கோழி மேய்கிற இடத்துக்கு அல்ல.

பெட்டியும் அடுக்கும்

நாலடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். இதைவிடச் சிறிதாகச் செய்தால் சூடு உள்ளே தங்காமல் வெளியே போய்விடும். சவுக்குக் கட்டையோ மூங்கில் தட்டியோ பழைய பலகையோ எதுவானாலும் சரி, இடையில் விரல் நுழைகிற சந்து இருந்தால் காற்று போகும். வெளிப்பக்கம் கோழிவலை அடிக்க வேண்டும்; கீரியும் நாயும் நோட்டம் விட்டுக்கொண்டே இருக்கும். இப்படி இரண்டு பெட்டி பக்கத்தில் பக்கத்தில். மேலே ஒரு தகரம் அவசியம். கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் நூறு அடியாவது தள்ளி, மழைத்தண்ணீர் நிற்காத மேட்டில் அமைக்க வேண்டும். தரையை நன்றாகத் திமிசு போட்டுக் கெட்டிப்படுத்தினால் போதும், சிமெண்டு போட வசதி இருந்தால் இன்னும் நல்லது. கோழிக் கொட்டகைக்குக் காற்று வருகிற பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

அடியில் ஓரடி கனத்துக்குக் காய்ந்த கூளம் அல்லது நார்க்கழிவு பரப்ப வேண்டும். அந்த அளவுக்கு ஐந்தாறு தீவனச் சாக்கு பிடிக்கும். கோழியிலிருந்து இறங்குகிற நீரை இந்த அடிப்படுக்கைதான் குடிக்கிறது. இதில் கஞ்சத்தனம் பண்ணினால் பெட்டிக்கு அடியில் கறுப்புத் தண்ணீர் வடியும். அதன் மேல் கொஞ்சம் வைக்கோல். அதன் மேல் கோழிகளை ஒற்றை வரிசையாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், பெட்டிச் சுவரிலிருந்து அரையடி உள்ளே தள்ளி வைக்க வேண்டும். சுவரை ஒட்டி வைத்தால் அங்கே சூடேறாது, நாற்றம் வெளியே போகும், நாய் வரும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் அழுகும், மட்காது.

கோழி மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, அரையடி கனத்துக்குப் பழைய கூளம் மூட வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு கோழிக்குக் குறைந்தது இரண்டு பங்கு கூளம், பத்தில் ஒரு பங்கு வைக்கோல், கால் பங்கு தண்ணீர். கூளம் ரொம்பக் காய்ந்திருந்தால் தண்ணீர் கூடும். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள்: உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒரு சொட்டு இரண்டு சொட்டு எட்டிப் பார்க்கலாம், ஒழுகக் கூடாது. அடுத்த நாள் செத்ததை அதே போல மேல் அடுக்கில் வைத்து மூடலாம். கடைசி அடுக்கு முடிந்ததும் ஓரடிக்குக் காய்ந்த கூளத்தால் தொப்பி போட்ட மாதிரி மூட வேண்டும். நாள் கணக்கு கடைசிக் கோழி வைத்த அன்றிலிருந்துதான் தொடங்கும்.

நெல் உமி மட்டுமே போட்டு வளர்த்த கொட்டகையாக இருந்தால், உமி மட்க ரொம்ப நாள் எடுக்கும். பாதிக்குப் பாதி நார்க்கழிவோ மட்கத் தொடங்கிய இலைதழையோ கலந்துகொள்ளுங்கள்.

ஒரு கொட்டகைக் கணக்கு

வேடசந்தூர் பக்கத்தில் தெரிந்த ஒருவர் நானூறு சிறுவிடைக் குஞ்சு விட்டிருந்தார். ஐப்பசி மழையில் சாரல் அடித்துக் கூளம் நனைந்தது. ஏழாவது வாரம் குஞ்சுகள் உறங்கி உறங்கி விழ ஆரம்பித்தன. முதல் நாள் நாலு, அடுத்த நாள் ஏழு. என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, பெட்டியில போட்டுறலாமா?" என்றார். "தம்பி, ரெண்டையும் பாலித்தீன் பையில கட்டி தனியா வையுங்க, முதல்ல டாக்டரைக் கூப்பிடுங்க" என்றேன். கால்நடை மருத்துவர் வந்து, ஒரு குஞ்சைத் தனி இடத்தில் அறுத்துப் பார்த்தார். குருட்டுக்குடல் இரண்டிலும் இரத்தம் கட்டியிருந்தது. இரத்தக் கழிச்சல். தண்ணீரில் மருந்து கொடுக்கச் சொன்னார். மூன்றாம் நாள் ஒன்பது, பிறகு ஐந்து, பிறகு மூன்று, அதோடு நின்றது. மொத்தம் இருபத்தெட்டு. சராசரி அரைக் கிலோ என்றால் பதினாலு கிலோ.

நோய் என்ன என்று தெரிந்த பிறகுதான் பெட்டிக்குப் போனோம். இரண்டு அடுக்காக, அடுக்குக்குப் பதினாலு. கணக்குப்படி இருபத்தெட்டு கிலோ கூளம் போதும். அடிப்படுக்கையும் மேல்மூடியும் சேர்த்து அதைவிடப் பல மடங்கு போனது. சிறு பண்ணையில் எப்போதும் இப்படித்தான், கூளம் கூடுதலாகத்தான் பிடிக்கும், அதனால் நட்டமில்லை.

நீளத் தண்டு வெப்பமானி ஒன்று வாங்கியிருந்தார். அது இல்லாதவர்கள் ஒரு இரும்புக் கம்பியை நடுவரைக்கும் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவி உள்ளங்கையால் பிடித்துப் பார்க்கலாம். பிடித்து வைத்திருக்க முடியாமல் கை சுட வேண்டும். மூன்றாம் நாள் நடுவில் 48, ஐந்தாம் நாள் 61. நாலு நாள் 60 ஒட்டியே நின்றது. பன்னிரண்டாம் நாள் 50, பதினெட்டாம் நாள் 42. ஆனால் மழை அடிக்கிற வடகிழக்கு மூலையில் ஐந்தாம் நாளே வைத்துப் பார்த்தபோது 38-தான். தகரத்தை மீறிச் சாரல் அடித்து அந்த மூலை நனைந்திருந்தது. நடுவில் மட்டும் பார்த்துவிட்டு "அறுபது வந்தாச்சு" என்று நிம்மதியாகப் போய்விடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். அன்றே அந்தப் பக்கம் ஒரு சாக்குப் படுதா கட்டினோம்.

சூடு 45-க்குக் கீழே இறங்கியதும் இரண்டாவது பெட்டிக்கு மாற்றினார். மாற்றும்போது ஓரத்தில் இருந்தது நடுவுக்கும், நடுவில் இருந்தது ஓரத்துக்கும் போக வேண்டும். இறகுக் குச்சியும் கால் எலும்பும் மட்டும்தான் தெரிந்தன, சதை எதுவும் இல்லை. எங்கேயாவது சதை தென்பட்டால் அதை நடுவில் வைத்துக் கூளத்தால் மூடி விடலாம். காய்ந்திருந்ததால் ஒரு குடம் தண்ணீர் தெளித்தார். மூன்றாம் நாள் மறுபடி 58. அது அடங்கிய பிறகு ஒரு மாதம் சும்மா விட்டார். எலும்பு கையில் நசுங்கினால் பொடியும் பக்குவம். தென்னந்தூருக்குப் போட்டார்.

சூடேறவில்லை, நாறுகிறது என்றால்

ஐந்து நாள் ஆகியும் சூடேறவில்லை என்றால் முதலில் ஈரத்தைப் பாருங்கள். பத்துக்கு எட்டுப் பேருக்கு அது காய்ந்துதான் கிடக்கும். மேல்மூடியை விலக்கி, கம்பியால் துளை போட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி மூடுங்கள். சொதசொதவென்று இருந்தால் காய்ந்த நார்க்கழிவைக் கலந்து புரட்டுங்கள். அழுகல் வாடை என்றால் கோழி மேல் மூடிய கனம் போதாது, அல்லது தண்ணீர் மிஞ்சிவிட்டது. கண் எரிகிற அமோனியா வாடை என்றால் எச்சம் அதிகம். வைக்கோல் சேர்த்தால் அடங்கும். ஈ வருகிறது என்றால் எங்கோ ஒரு இறக்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், தேடி மூடுங்கள்.

கொட்டகைக் கூளத்தை வாரும்போது

செத்ததை ஒழுங்காகப் போட்டுவிட்டு, அதே நோய்க் கூளத்தை டிராக்டரில் திறந்தபடி ஊர் வழியாகக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. வழி நெடுக உதிர்வது எச்சமும் இறகுத் தூளும்தான். மேரக் நோயின் நச்சுயிரி அந்த இறகுத் தூளில்தான் மாதக்கணக்கில் பிழைத்திருக்கிறது.

வேடசந்தூர்க்காரர் அந்தத் தொகுதிக் கோழி விற்று முடிந்ததும், கூளத்தை வெளியே எடுக்கவில்லை. தூசி கிளம்பாத அளவுக்குத் தண்ணீர் தெளித்து, மூக்கு வாய் மூடித் துணி கட்டிக்கொண்டு, கொட்டகைக்குள்ளேயே மூன்றடி உயரக் குவியலாகக் கூட்டித் தார்ப்பாயால் மூடி, விளிம்பில் மண் போட்டார். பத்து நாள். நடுவில் ஒரு முறை பிரித்துப் புரட்டி மறுபடி மூடினார். இரத்தக் கழிச்சல் முட்டைகள் ஈரக்கூளத்தில் நீண்ட காலம் கிடக்கும். இந்தச் சூட்டிலும் அமோனியாவிலும் சாகும். பிறகுதான் வெளியே எடுத்து மட்குக் குழிக்குக் கொண்டுபோனார். தரையைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு சலவைச் சோடாக் கரைசல் தெளித்து, சுண்ணாம்பு அடித்தார். எச்சம் ஒட்டிய தரையில் பிளீச்சிங் பவுடர் தூவுவது பணத்தைத் தூவுவதுதான். அழுக்கே அதன் வீரியத்தைத் தின்றுவிடும். இரண்டு வாரம் கொட்டகை காலி.

கூளம் வாங்க வருகிற வியாபாரியின் சாக்கைக் கொட்டகைக்குள் விடாதீர்கள். அந்தச் சாக்கு நேற்று எந்தப் பண்ணையில் இருந்தது என்று அவருக்கே தெரியாது. வேலிக்கு வெளியே குவித்துக் கொடுங்கள், அவர் அங்கே அள்ளிக்கொள்ளட்டும்.

தினப்படி வேலையிலும் ஒரு வரிசை இருக்கிறது. குஞ்சுக்கு முதலில், பெரிய கோழிக்குப் பிறகு, நோய்க் கோழிக்கு அப்புறம், செத்ததை எடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. பாலித்தீன் பையைக் கையுறை மாதிரி மாட்டிக் கோழியைப் பிடித்துப் பையை அப்படியே உள்வெளியாகத் திருப்பினால் கையில் படாது. பெட்டியில் போடும்போது பையிலிருந்து கோழியை மட்டும் உதறிவிட வேண்டும், பை மட்காது. பெட்டிக்கென்று ஒரு மண்வெட்டி, ஒரு செருப்பு. அவை கொட்டகைக்கு வரவே கூடாது.

பெட்டியைத் தொடக் கூடாத நேரம்

இந்த முறை அன்றாடச் சாவுக்கும் காரணம் தெரிந்த சாவுக்கும்தான். ஒரே நாளில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் செத்தால், அல்லது நேற்றைவிட இன்று இரட்டிப்பானால், கொண்டையும் தாடியும் நீலம் பாரித்தால், முகம் வீங்கினால், கழுத்து முறுக்கினால், நல்லா இருந்த கோழி இரவோடு இரவாக விழுந்து கிடந்தால், பெட்டியும் வேண்டாம் குழியும் வேண்டாம். கோழி, முட்டை, கூளம், சாக்கு எதுவும் பண்ணையை விட்டு வெளியே போகக் கூடாது. கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொல்லுங்கள். மாவட்டத் தலைநகரில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது, மாதிரி எடுப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்களாகவே கோழியைப் பையில் போட்டுப் பேருந்தில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

நம் நாட்டில் பறவைக்காய்ச்சல் முதலில் உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். பறவைக்காய்ச்சல் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கோழிகளைக் கொன்று அழிப்பதும் புதைப்பதும் அரசின் குழு செய்கிற வேலை. "சொன்னா எல்லாத்தையும் கொன்னுருவாங்களே" என்று மறைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அப்படிக் கொல்லப்படுகிற கோழிக்குத்தான் இழப்பீடு, அதற்கு முன்னால் தானாகச் செத்ததற்குக் கிடையாது. நாலு நாள் மறைத்தால் கொட்டகையில் பாதி போயிருக்கும், கணக்கில் வராது. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 2009-இன்படி, அட்டவணையில் உள்ள நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் உடையவர் தெரிவித்தாக வேண்டும். நோயில் செத்தது என்று தெரிந்தும் ஆற்றிலோ ஏரியிலோ வாய்க்காலிலோ போடுவது அதே சட்டத்தின்படி குற்றம்.

உரத்தைப் பற்றி ஒரு சொல். கோழி போட்டு மட்கிய உரத்தைக் கீரை, தக்காளி, வெள்ளரி என்று பச்சையாகத் தின்கிற பயிருக்குப் போட வேண்டாம். தென்னை, மா, சவுக்கு, தீவனப் பயிர் என்று போடுங்கள். புதிதாகப் பெட்டி கட்டுகிறவர்கள் மழைக்கு முன்னால், புரட்டாசிக்குள் கட்டிவிடுங்கள். காய்ந்த நார்க்கழிவு பத்துச் சாக்கு மூடி வைத்திருங்கள். மழையில் சாவு கூடுகிற நேரத்தில்தான் காய்ந்த கூளம் எங்கே தேடினாலும் கிடைக்காது.